ஜாமீன் பணம் திரட்டுமுன் பிரிவையும் எடையையும் கேளுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்கும் இளைஞர் மன்றத்தினருக்கும் வணக்கம்.

போதைப்பொருள் வழக்கில் ஒரு பையன் பிடிபட்டால் குடும்பம் முதலில் வந்து நிற்பது உங்களிடம்தான். நீங்களும் அன்று மாலையே ஜாமீனுக்குப் பணம் திரட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். வழக்கு எந்தப் பிரிவில் நிற்கிறது என்று தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

"ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் சின்ன கேஸ்" என்ற பேச்சு நம் தோட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அது இந்தியச் சட்டம். அங்கே கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவைத் தொட்டால் ஜாமீன் மிகக் கடினம், தண்டனை 10 ஆண்டிலிருந்து தொடங்குகிறது. இங்கே மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் அந்த இரண்டு பெயர்களும் இல்லை, அளவுகளும் மிகக் குறைவு. 50 கிராம் கஞ்சாவிலேயே ஜாமீன் கதவு மூடிவிடும். 200 கிராம் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அது அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை பிடிபட்டவர்மேல் விழும். கடத்தல் 39பி பிரிவில் வருகிறது, அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை.

இப்போது அதிகம் பிடிபடுவது சியாபு என்னும் மெத்தம்பெட்டமின் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 5 கிராமுக்குக் கீழே வைத்திருந்தால் பெரும்பாலும் 12ஆம் பிரிவு மட்டும். அதற்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அல்லது ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 5 முதல் 30 கிராமுக்குள் 39ஏ(1): இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறையும் மூன்று முதல் ஒன்பது பிரம்படியும். 30 கிராமைத் தொட்டால் 39ஏ(2): ஆயுள் சிறை, அல்லது குறைந்தது ஐந்து ஆண்டு, கூடவே குறைந்தது பத்து பிரம்படி. 50 கிராமில் கடத்தல் அனுமானம்.

ஜாமீனைத் தீர்மானிப்பது 41பி பிரிவு. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கும், ஐந்து ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கும் அது ஜாமீனைத் தடுக்கிறது. ஐந்து ஆண்டும் அதற்குக் கீழும் என்றால் நீதிமன்றம் ஜாமீன் தரலாம். ஆனால் பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அரசுத் தரப்பு எழுத்தில் சான்று கொடுத்தால் அதுவும் இல்லை. 29 கிராமுக்கு ஜாமீன் கேட்கலாம், 31 கிராமுக்குக் கேட்க முடியாது என்ற நிலை இதனால்தான் வருகிறது. 39ஏ(2) வழக்கில் "நான் ஜாமீன் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் பணம் கேட்டால், அந்தக் குடும்பத்தை அவரிடமிருந்து காப்பாற்றுங்கள்.

இதில் பலர் கவனிக்காதது எடை. ஒரு பையனிடம் இரண்டு பொட்டலம் சிக்கியதாக வைத்துக்கொள்வோம். நிலையத்தில் பிளாஸ்டிக்கோடு நிறுத்தால் 36 கிராம், எனவே வழக்கு 39ஏ(2)இல் தொடங்குகிறது. பொருள் இரசாயனத் துறைக்குப் போகிறது. அங்கே பொட்டலத்தை நீக்கி, கலப்பில் உண்மையான மெத்தம்பெட்டமின் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அறிக்கை 27 கிராம் என்று வந்தால் குற்றச்சாட்டு 39ஏ(1)க்கு இறங்க வேண்டும், ஜாமீன் மனுவும் அன்றே போடலாம். இந்தியாவில் இது நடக்காது. அங்கே கலப்படப் பொருளையும் சேர்த்தே எடை கணக்காகும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் இந்தச் சலுகை கஞ்சாவுக்குப் பெரிதாக உதவாது. கஞ்சாவில் செடியின் எடைதான் கணக்கு.

ஆகவே "சீக்கிரம் முடியட்டும்" என்று அந்தப் பையனைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். இரசாயன அறிக்கை வரும்முன் எந்தப் பிரிவு நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் நாள் கேட்க வேண்டியது: எந்தப் பிரிவில் விசாரணை, ரிமாண்ட் எத்தனை நாள். 12ஆம் பிரிவும் 39ஏ(1)உம் என்றால் மொத்தம் ஏழு நாளைத் தாண்டாது, அதைவிடக் கடுமையானவற்றில் பதினான்கு வரை போகலாம். ரிமாண்ட் நாளிலேயே வழக்கறிஞர் வேண்டும். வசதி இல்லாதவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக வழக்கறிஞர் தரும். பிறகு நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு செபுத்தானுக்கும் போய், இரசாயன அறிக்கை வந்ததா என்று வழக்கறிஞர் மூலம் கேட்டு, வந்ததும் நகலில் நிகர எடையைப் படித்துப் பாருங்கள். அந்த எண் எல்லைக்குக் கீழே இருந்தால், கோயிலில் சேர்த்த பணத்தை எடுக்க வேண்டிய நாள் அதுதான்.