புரோட்டீன் டப்பாவைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: ஜிம் உரிமையாளர்களுக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு உடற்பயிற்சிக் கூட உரிமையாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

ஜிம்மில் சேரும்போது நிரப்பித் தந்த படிவத்தின் நகலை மருத்துவக் கோப்போடு சேர்த்து, சிறுநீரகப் பிரிவுகளில் பணிபுரியும் எங்களிடம் கொண்டுவருகிறார்கள் நோயாளிகள். பெயர், கைப்பேசி எண், உயரம், எடை, கட்டணம், எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்ற கேள்வி மட்டும் இல்லை. பின்பக்கம் உணவு அட்டவணை: காலையில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், பயிற்சி முடிந்ததும் இன்னொரு ஸ்கூப். கல்லூரி மாணவருக்கும் ஐம்பதை நெருங்கும் சர்க்கரை நோயாளிக்கும் அதே அட்டவணைதான். இந்த மடலை எழுத வைத்தது அந்தத் தாள்தான்.

வே புரோட்டீன் விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாலைத் திரித்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து பிரித்தெடுக்கும் பால் புரதம் அது. சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவர் ஒரு ஸ்கூப் குடிப்பதால் சிறுநீரகம் கெடும் என்பதற்குச் சான்று இல்லை. எங்கள் கவலை, சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானது தெரியாமல் குடிப்பவர்களைப் பற்றியது. சிறுநீரக நோய் பாதிக்கு மேல் முற்றும்வரை பெரும்பாலும் வலியோ வீக்கமோ காட்டுவதில்லை. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டரே ஜிம்முக்கு அனுப்பிய சர்க்கரை நோயாளிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உடம்பைச் சரிசெய்ய வந்தவரின் கையில் கேள்வி கேட்காமல் டப்பாவைக் கொடுக்கிறீர்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 48 வயது ஆண், எடை 80 கிலோ, எட்டு வருடமாகச் சர்க்கரை. ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது ஊரில் 'உப்பு' என்கிறார்களே அது, 1.6. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் அவருக்கு ஏறக்குறைய 53 வருகிறது. இது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். அந்த நிலையில் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அவருக்கு அது 64 கிராம். இட்லி, சாம்பார், சோறு, பருப்பு, முட்டை, மீன் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே 60 கிராம் கிடைத்துவிடுகிறது. உங்கள் இரண்டு ஸ்கூப் சேர்க்கும் 48 கிராமோடு 108 ஆகிறது, கிலோவுக்கு 1.35. நோய் முற்றும் வாய்ப்புள்ளவர்கள் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. அந்த எல்லையை அவர் ஷேக்கரைக் குலுக்கியபடியே தாண்டிவிடுகிறார்.

புரதம் கூடினால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் ரத்த ஓட்டமும் அழுத்தமும் கூடுகின்றன. நல்ல சிறுநீரகம் இதைத் தாங்கிக்கொள்ளும். பாதி வடிகட்டிகள் போய்விட்டவருக்கு மிச்சமுள்ளவை ஏற்கெனவே இரட்டை வேலை பார்க்கின்றன. அவற்றின் மேல் இன்னும் சுமை ஏறினால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் கசிவு அதிகரிக்கலாம், நோய் வேகமாக முற்றலாம்.

அதனால் எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: டப்பாவைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், இதய நோய் உண்டா? சிறுநீரகக் கல் வந்ததுண்டா, ஒற்றைச் சிறுநீரகமா, குடும்பத்தில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்ததா? சிறுநீரில் நுரை தங்குகிறதா, காலில் வீக்கம் உண்டா? யூரிக் அமிலத்துக்கோ மூட்டுவலிக்கோ தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறாரா? கர்ப்பிணியா, 18 வயதுக்குக் கீழா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பவுடர் டாக்டரைப் பார்த்த பிறகுதான். பிரஷர், ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் என்று மூன்றே பரிசோதனைகள் போதும். விகிதம் 30-க்குள் இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 65 வயதுப் பெண்ணுக்கு கிரியேட்டினின் 1.1 என்றால் பார்வைக்குச் சாதாரணம், ஆனால் இ.ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே. தசை திரண்ட இளைஞருக்கு, அதுவும் கிரியேட்டின் பவுடர் குடிப்பவருக்கு, 1.4 வந்தாலும் சிறுநீரகம் நன்றாகவே இருக்கலாம். அப்போது டாக்டர் சிஸ்டாடின் சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்வார். முந்தின நாள் கடுமையாகப் பயிற்சி செய்தால் அல்புமின் பொய்யாகக் கூடும். பரிசோதனைக்கு முன் ஒரு நாளாவது பளு தூக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லி அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

இனி தண்ணீர். தசைக்குச் சேராத புரதத்தைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. மேலே சொன்ன 48 கிராமும் அப்படிப் போனால் சுமார் 16 கிராம் யூரியா, அதைக் கரைத்து வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், சிறுநீர் கெட்டிப்படும், கல் வந்தவருக்கு மறுபடி கல் வளரும். அந்த நேரத்தில் உடம்பு வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் சுருங்கும். நல்ல சிறுநீரகம்கூடத் திடீரெனச் செயலிழப்பது இப்படித்தான்.

அளவு கண்டுபிடிக்க உங்களிடமே எடை பார்க்கும் கருவி இருக்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். அரைக் கிலோ குறைந்தால் அரை லிட்டர் நீர் போயிருக்கிறது. அதையும் அதற்குச் சற்று மேலும் அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைவதன் அடையாளமாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கும் டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருப்பார், அவர்களிடம் 'நிறைய குடிங்க' என்று சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பழுதான சிறுநீரகம் கூடுதல் புரதத்தைத் தாங்கும் அளவுக்குத் தேறாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆணழகன் போட்டிக்கு முந்தைய நாட்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. புரதத்தைக் கூட்டி, தண்ணீரை வெட்டி, நரம்பு புடைத்துத் தெரிய வேண்டுமென்று சிறுநீர் பிரியும் மாத்திரையும் கொடுக்கிறார்கள். பொட்டாசியம் தாறுமாறாகி இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய வேலை இது. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை கூடத்துக்குள் எப்படி வருகிறது? உரிம எண் அச்சிடாத, சீல் உடைந்த டப்பாக்கள் எப்படி வருகின்றன? டப்பா விற்கும் லாபத்தை நாங்கள் கேள்வி கேட்கவில்லை, ஆனால் விற்பவருக்குப் பொறுப்பும் உண்டு. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணைப் பார்த்து வாங்குவது அதில் மிகச் சிறியது.

கோபத்தோடு எழுதிவிட்டோமென்றால் மன்னியுங்கள். டாக்டர் சொன்னதை மறப்பவர்கள்கூட மாஸ்டர் சொன்னதை மறப்பதில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம். அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது மேலே உள்ள கேள்விகளை முதல் பக்கத்தில் சேருங்கள். பின்பக்கத்து அட்டவணையை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்து பவுடர் குடித்துக்கொண்டிருப்பவர்களிடமும் இந்த மாதமே ஒருமுறை கேளுங்கள். 'ஆம்' என்றவர்களை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அவர்களுடைய டாக்டரிடமோ அனுப்புங்கள். அங்கிருந்து பதில் வரும்வரை டப்பாவைக் கொடுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், உணவியலாளர்கள், டயாலிசிஸ் செவிலியர்கள்