பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாற்காலியும் ஒரு பையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படத்தில் இருப்பவரின் உடையை அழித்து, ஆடையில்லாத போலிப் படம் உருவாக்கும் செயலிகளைப் பற்றிப் பெற்றோர் கூட்டங்களில் பேசுகிறவர்கள் பலர், "பிள்ளைகள் ஒழுங்காக உடுத்திப் படம் போடட்டும்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. கூடவே பழியும் பிள்ளையின் தலையில் விழுகிறது. ஏன் பயனில்லை என்பதை மேடையிலேயே காட்டிவிடலாம்.

ஒரு நாற்காலியின் முதுகில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, அதை மறைக்கும்படி ஒரு பையை மாட்டிப் படம் எடுங்கள். வேண்டாத பொருளை நீக்கும் வசதி இப்போது பல கைபேசிகளின் படத்தொகுப்பிலேயே இருக்கிறது; அதைக்கொண்டு பையை அழியுங்கள். நாற்காலியின் முதுகு அழகாக வந்துவிடும், சாக்பீஸ் குறி மட்டும் இருக்காது. பைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது; சுற்றியுள்ளதைப் பார்த்து அது தானாக வரைந்து நிரப்பியது, அவ்வளவுதான். உடையிலும் இதேதான் நடக்கிறது. முழுக்கை சட்டையானாலும் குளிர்கோட்டானாலும் அந்த இடம் அழிக்கப்பட்டு, யாருடையதும் அல்லாத ஓர் உடல் வரையப்படுகிறது. அதில் பிள்ளையுடையது முகம் மட்டுமே. ஆகவே காக்க வேண்டியதும் முகத்தைத்தான்.

இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். 4000 புள்ளி அகலமுள்ள வகுப்புப் படத்தில் வரிசைக்குப் பத்துப் பேர் என்றால் ஒருவருக்கு 400 புள்ளி கிடைக்கும். அதில் முகம் ஏறக்குறைய 130. படத்தை 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வெளியிட்டால் முகம் 40 புள்ளிக்கு இறங்கிவிடும். வெட்டிப் பெரிதாக்கினால் கலங்கலாகத்தான் தெரியும். ஆனால் பரிசு வாங்கும் தனிப்படத்தில் முகம் அகலத்தில் கால்பங்கு இருக்கும். அதையும் 1200 ஆக்கினாலும் முகத்துக்கு 300 புள்ளி மிஞ்சும். தவறாகப் பயன்படுத்த அது தாராளம். அதனால் குழுப்படத்தைச் சுருக்கிப் போடலாம். தனிப்படத்தைப் பொதுவெளியில் போடாமல் இருப்பதே நல்லது. பள்ளியின் பக்கத்துக்கும் இதுவே விதி.

படத்தின் மேல் எழுத்துப் பொறித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மூலையில் பொறித்ததை வெட்டிவிடலாம். மார்புக்குக் குறுக்கே பொறித்தது உடையோடு சேர்ந்தே அழிந்துபோகும். முகத்துக்குக் குறுக்கே போட்டால்தான் தடை. அப்படி யார் போடுவார்கள்? கண்ணுக்குத் தெரியாத இரைச்சலைப் படத்தில் கலந்து காப்பதாகச் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. படம் மறுபடி அமுக்கப்பட்டாலோ, திரைப்பிடிப்பு எடுக்கப்பட்டாலோ அந்த இரைச்சல் கரைந்துவிடலாம் என்பதால் அவற்றை நம்பியிருக்க முடியாது.

பெற்றோர் பெரும்பாலும் மறக்கும் இடம் முகப்புப் படம். பதிவுகளையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பார்கள். Settings, Privacy, Profile photo என்று போய் My contacts ஆக மாற்ற அரை நிமிடம் ஆகாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இப்படிப் போலிப் படம் செய்பவர் பல நேரங்களில் உடன் படிப்பவராகவே இருப்பார். தொடர்புப் பட்டியலில் உள்ளவருக்கு இந்தப் பூட்டு பூட்டே அல்ல.

போலிப் படம் பரவிவிட்டால் பெற்றோர் பதற்றத்தில் செய்யும் தவறுகள் இரண்டு. "யார் செய்தது?" என்று கேட்டுப் பெற்றோர் குழுவில் அதே படத்தைப் போடுவது ஒன்று. அதனால் இன்னும் நூறு கைபேசிகளுக்குப் படம் போய்ச் சேருகிறது. பல நாடுகளில் அதுவே குற்றம். மற்றது, கையில் வந்த படத்தை உடனே அழித்துவிடுவது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் படங்களுக்கு takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு stopncii.org. இரண்டும் படத்தை வாங்கிக்கொள்வதில்லை. உங்கள் கருவியிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் தங்களோடு இணைந்துள்ள தளங்களுக்கு அனுப்புகின்றன. அந்த எண்ணுக்குப் பொருந்தும் படத்தைத் தளங்கள் கண்டுபிடித்து நீக்க அது உதவும். எண்ணைக் கணக்கிடக் கோப்பு வேண்டுமே! எனவே பிள்ளையின் கைபேசிக்கு வந்த கோப்பை யாருக்கும் அனுப்பாமல், முதலில் அந்தக் கைபேசியிலிருந்தே அந்தச் சேவையில் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். அதற்குப் பிறகு கோப்பை என்ன செய்வது என்பதைக் காவல்துறையிடமே கேளுங்கள்.

இந்தச் சேவைகளுக்கும் எல்லை உண்டு. இணையாத தளங்களிலும், முழுக்க மறையாக்கம் செய்த தனி உரையாடல்களிலும் இவை எட்டாது. வெட்டியோ திருப்பியோ மாற்றிய படத்தின் எண் பொருந்தாமல் போகலாம். ஆகவே கண்ணில் படும் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே பதிய வேண்டும்.

போலிப் படத்தில் பின்னணியும், தலைமுடியும், முகத் திருப்பமும் பெரும்பாலும் மூலப்படத்தில் உள்ளபடியே இருக்கும். அதை வைத்து மூலப்படம் எது என்று பிள்ளையால் சொல்லிவிட முடியும். அந்தப் படத்தை எங்கே போட்டார்கள், யாரெல்லாம் பார்க்க முடிந்தது என்று பார்த்தால் சந்தேக வட்டம் சிலராகச் சுருங்கும். அந்தப் பட்டியலையும் புகாரோடு கொடுங்கள். நீங்களே போய் விசாரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்