பழைய டயர் வைத்திருப்போருக்கு: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது

பஞ்சர் கடை, ரீட்ரெடிங் பட்டறை, பழைய டயர் கிடங்கு நடத்துவோருக்கு,

வணக்கம். மழை விட்டதும் ஆளை அனுப்பி டயர்களைக் கவிழ்க்கச் சொல்கிறீர்கள். அப்படியும் அடுத்த மழை பெய்து பத்தே நாளில் கொசு கிளம்பிவிடுகிறது. வேலை செய்தவர்மேல் குற்றமில்லை. டயரின் வடிவமும் ஏடிஸ் கொசு முட்டையிடும் விதமும்தான் காரணம்.

முதலில் வடிவம். டயரை நிமிர்த்தி வைத்தால் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கும், படுக்க வைத்தால் கீழ்ப்பக்கச் சுவரின் உட்குழிவில் தேங்கும். ஒரு தடவை சாய்த்தால் பாதி வெளியே வரும், மீதி சுற்றிவந்து மறுபுறம் நிற்கும். உள்ளே வெயிலும் படாது, காற்றும் புகாது என்பதால் அந்த மீதித் தண்ணீர் எளிதில் வற்றாது. உதிர்ந்த இலை அழுகினால் புழுவுக்கு உணவும் ஆயிற்று.

அடுத்தது முட்டை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் தனித்தனியாக ஒட்டுகிறது. கறுப்பு ரப்பரில் கறுப்பு முட்டை, கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் கொட்டினாலும் அது சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு குடியேறியிருப்பது தெரியவந்தபோது, ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்கள்தான் அதைச் சுமந்து வந்தன என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தார்கள்.

நாற்பது டயர் திறந்தவெளியில் அடுக்கிய ஒரு முற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிறன்று மழை. தண்ணீர் ஏறி பழைய முட்டைகளை மூழ்கடித்ததும், சில மணி நேரத்தில் ஒரு பகுதி பொரிந்துவிடும். எல்லாம் ஒரே தடவையில் பொரியாது, மிச்சம் அடுத்த நனைவுக்குக் காத்திருக்கும். வெப்பமான பருவத்தில் ஏழெட்டு நாளில் புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறந்துவிடும். புதனன்று சோதித்தால் சின்னப் புழுக்கள், அடுத்த திங்களன்று சோதித்தால் காலிக் கூடு. வாரம் ஒரு நாள் டயர்களைச் சோதித்துக் காலி செய்யுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஒரு தலைமுறை தப்பிவிடும்.

சோதிக்கும்போது ஒரு சூட்சுமம்: நிழல் விழுந்தாலோ டார்ச் அடித்தாலோ புழுக்கள் நெளிந்து அடியில் போய்விடும். உடனே 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மக் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் காத்திருங்கள். மூச்சுக்காக மேலே வரும்போது தலைகீழாகச் சாய்ந்து தொங்குபவை புழுக்கள். காற்புள்ளி வடிவில் சுருண்டிருப்பவை கூட்டுப்புழுக்கள். அவை இருந்தால் உங்களுக்கு இருப்பது ஒன்றிரண்டு நாள்தான். அவை எதையும் தின்பதில்லை, எனவே தின்றால் கொல்லும் பிடிஐ மருந்து அவற்றிடம் பலிக்காது.

காலி செய்யும்போது ஸ்பாஞ்சாலோ பழந்துணியாலோ மிச்சத்தை ஒற்றி எடுங்கள். பிறகு நீர்க்கறைக்கு மேலும் கீழுமாக, உட்சுவரைக் கரடான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் காய்ந்த மண்ணில் விழட்டும். சாக்கடையில் கொட்டினால் புழு அங்கேயும் பிழைக்கக்கூடும்.

நாற்பதையும் வாரம்தோறும் தேய்ப்பது நடக்கிற காரியமல்ல என்பீர்கள். உண்மைதான். ஆகவே தேய்ப்பது ஒருமுறைதான். அதன்பின் டயர் நனையக்கூடாது. கூரைக்கடியில் அடுக்குங்கள். கூரை இல்லையென்றால் தார்ப்பாயை நடுவில் உயர்த்தி, சரிவாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த தார்ப்பாயின் குழியே அடுத்த தொட்டியாகிவிடும், இதைப் பல இடங்களில் பார்க்கிறோம். மறுபடி ஓடாத டயரில் துளை போடலாம். ஒரு துளை போதாது, எந்தப் பக்கம் அடியாகுமோ தெரியாதே. சுற்றிலும் பலவாக, விரல் நுழையும் அளவுக்குப் போடுங்கள். சிறு துளையைச் சேறும் இலையும் அடைத்துவிடும். ரீட்ரெடிங்குக்குப் போகிற டயரில் துளை போட வழியில்லை, கூரை ஒன்றே அதற்குத் தீர்வு.

டயரோடு பக்கத்தில் கிடக்கும் பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, பிளாஸ்டிக் கப் ஆகியவற்றையும் அகற்றுங்கள். டியூப் ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை மறந்துவிடாதீர்கள், அதையும் வாரம் ஒருமுறை தேய்த்து மாற்ற வேண்டும்.

புகை அடித்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரிலுள்ள புழுவுக்கும் சுவரிலுள்ள முட்டைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

முற்றத்தைச் சுத்தம் செய்த மறுநாளே காய்ச்சல் குறைந்துவிடாது. ஏற்கெனவே பறக்கும் கொசுக்கள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கலாம். வைரஸ் உடலில் ஏறிய கொசு, சுமார் எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பிறருக்குப் பரப்பும். அதனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்கள் முற்றத்தில் பிறந்தது முதலில் கடிப்பது உங்கள் தொழிலாளர்களையும் அடுத்த வீட்டாரையும்தான். அந்தத் தூரத்துக்குள் மூடாத தண்ணீர் டிரம் ஒன்று இருந்தாலும் உங்கள் உழைப்பின் பலன் குறைந்துவிடும். சோதனைக்குப் போகும் அன்றே அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கொசு ஒழிப்புக் களப்பணியாளர்கள்