நிலையான வைப்பும் நீண்ட வாக்குறுதியும்: எங்கள் ஓய்வூதிய நிதியத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நம்பிக்கைப் பொறுப்பாளர்களுக்கு,

அடுத்த பொதுக்கூட்டத்துக்கான அறிவித்தல் கிடைத்தது. நிதியத்தில் மிகை இருக்கிறது, ஆகவே நிறுவனம் தன் பங்களிப்பை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் இந்த ஓய்வூதியத்தை நம்பி மாதக் கணக்குப் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. காரணத்தை அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் உறுப்பினருக்குச் சேருவது அவருடைய கணக்கில் இருக்கும் தொகையும் அதன் வட்டியும்தான். நம் நிதியம் அப்படியானதல்ல. ஓய்வுபெற்றவருக்கு மாதாமாதம் இவ்வளவு தருவோம் என்று அது வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே கையில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. கொடுத்த வாக்கை நிறைவேற்ற இன்றே ஒதுக்கி வைக்க வேண்டிய தொகைதான் அதன் இன்றைய பெறுமதி. கையில் உள்ளதற்கும் அந்தப் பெறுமதிக்கும் இடையிலான வித்தியாசம்தான் மிகை. நீங்கள் கவனித்துக் காக்க வேண்டியது அந்த வித்தியாசத்தை. சொத்து ஒரு ரூபாவும் குறையாமலே அது கரைந்துபோகலாம்.

எப்படி என்று ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். இவை நம் நிதியத்தின் எண்கள் அல்ல. விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 15 ஆண்டுகள் கழித்து ஒரு நிதியம் 1,000 இலட்சம் ரூபா கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் நீண்டகால வட்டி வீதம் 14 சதவீதம். அந்த வீதத்தில் பின்னோக்கிக் கணித்தால், கொடுக்க வேண்டிய இந்தப் பொறுப்பின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 140 இலட்சம். நிதியத்திடம் 200 இலட்சம் இருக்கிறது. முழுவதும் 14 சதவீதத்தில் ஓராண்டு நிலையான வைப்பில் போடப்பட்டிருக்கிறது. மிகை 60 இலட்சம். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள்.

மறுநாள் வட்டி வீதம் 10 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று கொள்வோம். அதே 1,000 இலட்சத்தின் இன்றைய பெறுமதி 239 இலட்சமாக ஏறிவிடும். வைப்பு இன்னும் ஓராண்டுக்குப் பழைய வீதத்தைத் தரும் என்பதால் அதன் பெறுமதியும் சற்றே கூடி 207 இலட்சமாகும். 60 இலட்சம் மிகை இருந்த இடத்தில் இப்போது 32 இலட்சம் பற்றாக்குறை. எந்த வைப்பும் முறியவில்லை, எந்த வங்கியும் மூடப்படவில்லை, எவரும் பணத்தைக் கையாடவில்லை.

இது ஏட்டில் மட்டும் நிகழும் இழப்பு என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே எண்களை முன்னோக்கி நடத்திப் பாருங்கள். 200 இலட்சம் ஓராண்டில் 228 இலட்சமாகும். அதற்குப் பிறகு வைப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வங்கி 10 சதவீதம்தான் தரும். மீதி 14 ஆண்டுகள் அப்படியே வளர்ந்தால் கடைசியில் கையில் இருப்பது 866 இலட்சம். கொடுக்க வேண்டியது 1,000. குறைகிற 134 இலட்சத்தைத் தொழிலாளியோ நிறுவனமோ தன் பையிலிருந்து போட்டாக வேண்டும். இன்றைய பெறுமதிக் கணக்கு முன்கூட்டியே சொன்ன 32 இலட்சம் இதுதான். 15 ஆண்டுகளில் 10 சதவீத வட்டியோடு அது 134 ஆகிறது.

இங்கே நடந்தது என்ன? அரசாங்கம் கடன் வாங்கும்போது கொடுக்கும் கடன் பத்திரத்தை முறி என்கிறோம். தூரத்தில் இருக்கும் வாக்குறுதி ஒரு நீண்ட முறியைப் போலவே நடந்துகொள்கிறது. வட்டி இறங்கினால் அதன் பெறுமதி ஏறும். பணம் கொடுக்க வேண்டிய நாள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஏறும். மேலே சொன்ன பொறுப்பு, வட்டி ஒரு சதவீதம் இறங்கும்போது ஏறத்தாழ 13 முதல் 14 சதவீதம் கூடுகிறது. ஓராண்டு வைப்போ ஒரு சதவீதம்கூடக் கூடுவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே காற்றில் அசைய வேண்டியவை. நாம் ஒரு பக்கத்தை மட்டும் அசையாமல் நிறுத்திவைத்து, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் கொடுத்திருக்கிறோம். தனி ஒருவரின் சேமிப்புக்கு ஓராண்டு வைப்பு பாதுகாப்பானதாக இருக்கலாம். 15 ஆண்டு வாக்குறுதி கொடுத்த நிதியத்துக்கு அது ஆபத்தான முதலீடு.

இந்த ஆபத்து நம் நாட்டில் கண்முன்னே நடந்தது. 2022 இறுதியில், அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் 91 நாள் திறைசேரி உண்டியலின் வீதம் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2024 இறுதியில் அது 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. நீங்கள் காட்டும் மிகை, வீதங்கள் உயரத்தில் இருந்தபோது செய்த மதிப்பீட்டில் பிறந்தது. நீண்டகால வீதங்கள் உண்டியல் அளவுக்கு ஏறி இறங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் மேலே கண்டபடி 14 இலிருந்து 10 வரையிலான அசைவே ஒரு மிகையை விழுங்கப் போதும். பழைய வீதத்தில் கண்ட மிகையை வைத்து இன்றைய வீதத்தில் பங்களிப்பை நிறுத்துவது, இருக்கிறதா என்றே தெரியாத பணத்தைச் செலவழிப்பதாகும்.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? 15 ஆண்டுகள் கழித்து ஒரே தொகையாக முதிரும், இடையில் கூப்பன் எனப்படும் தவணை வட்டி தராத முறி ஒன்றை 140 இலட்சத்துக்கு வாங்கி, மீதி 60 இலட்சத்தை வைப்பில் விட்டிருந்தால், வட்டி இறங்கியபோது முறியும் 239 இலட்சமாக ஏறியிருக்கும். மிகை 62 இலட்சமாக நின்றிருக்கும். ஆனால் நம் சந்தையில் கிடைக்கும் நீண்ட திறைசேரி முறிகள் கூப்பன் தருபவை. இந்த நுணுக்கத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். முதிர்வு 15 ஆண்டு என்று எழுதியிருப்பதால் அந்த முறி 15 ஆண்டுப் பொறுப்புக்கு ஈடாகிவிடாது. கூப்பன்கள் முன்னதாகவே கைக்கு வந்துவிடுகின்றன. அவற்றைப் புதிய வீதத்தில்தான் மறுபடி முதலிட வேண்டும். 14 சதவீதக் கூப்பனுள்ள 15 ஆண்டு முறியின் விலை, வீதம் 10 ஆகும்போது 100 இலிருந்து 130 அளவுக்கு ஏறும். பொறுப்போ 100 இலிருந்து 171 ஆகிவிட்டது. 200 இலட்சத்தையும் அந்த முறியில் போட்டிருந்தால் அது 261 இலட்சமாகி, மிகை 22 இலட்சமாகச் சுருங்கியிருக்கும். முழுப் பொருத்தம் அல்ல. ஆனாலும் 32 இலட்சம் பற்றாக்குறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் நிதியத்தில் ஒரே தொகை இல்லை. பல ஆண்டுகளுக்குப் பரவிய கொடுப்பனவுகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் கொடுக்க வேண்டியதற்குக் குறுகிய முறிகளும் வைப்புகளும் பொருந்தும். இன்று முப்பது வயதில் வேலை செய்பவருக்குரிய பொறுப்புத்தான் மிக நீளமானது. ஆகவே முதல் வேலை, எந்த ஆண்டில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பட்டியலை, நிதியத்தின் பொறுப்புகளை மதிப்பிடும் கணிப்பாளரான ஆக்சுவரியிடமிருந்து வாங்குவது. அதன் பக்கத்தில் எந்த ஆண்டில் எவ்வளவு முதிர்கிறது என்று சொத்துகளை எழுதிப் பார்த்தால், ஓட்டை எங்கே என்று உங்களுக்கே தெரியும். இப்போதைய நடைமுறையில், நகரத்து வங்கிக் கிளைகளில் யார் கால் சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று விசாரிப்பதோடு முதலீட்டுக் கூட்டம் முடிகிறது.

உங்கள் தயக்கங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. வட்டி ஏறினால் நீண்ட முறியின் விலை விழும், உறுப்பினர்கள் எங்களைத்தானே கேட்பார்கள் என்பது ஒன்று. விழும், உண்மைதான். 18 சதவீதமானால் அந்தக் கூப்பனற்ற முறி 140 இலிருந்து 84 இலட்சத்துக்கு இறங்கும். ஆனால் பொறுப்பும் அதே 84 ஆகிவிடும். ஆண்டறிக்கையில் சொத்தை மட்டும் காட்டினால் இது பேரிழப்பாகத் தெரியும். பொறுப்பையும் பக்கத்தில் காட்டினால் எதுவும் இழக்கப்படவில்லை என்று எவருக்கும் புரியும். வீதம் ஏற்கெனவே இறங்கிவிட்டது, இப்போது வாங்குவது தாமதம் என்பது இன்னொன்று. குறுகிய வைப்பிலேயே இருப்பதும் ஓர் ஊகம்தான்: வட்டி ஏறும் என்ற ஊகம். எங்கள் ஓய்வூதியத்தை அந்த ஊகத்தில் வைக்க எவரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை. முதிரும் வைப்புகளைப் படிப்படியாக மாற்றுங்கள். வீதம் எங்கே போகும் என்று கணித்துக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது தயக்கம்தான் கனமானது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஓய்வூதிய நிதியங்கள் வைத்திருந்த திறைசேரி முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. 2027 முதல் 2038 வரை முதிரும் அவற்றின் கூப்பன், 2026 தொடக்கம் வரை 12 சதவீதம், பிறகு 9. மாற்ற மறுத்த நிதியங்களுக்கு வரி 14 இலிருந்து 30 சதவீதமாகும் என்று சொல்லப்பட்டது. வங்கி வைப்பாளர்களை அது தொடவில்லை. ஆகவே அரசாங்க முறி முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சொத்து முதிரும் காலத்தைப் பொறுப்பின் காலத்தோடு பொருத்துவது வட்டி அபாயத்தை நீக்கும். கடன் கொடுத்தவருக்குத் திருப்பித் தராமல் போகும் அபாயத்தை நீக்காது. அதற்காகவே உண்மையான மிகையைக் கரைக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும் என்கிறேன். பணவீக்கமும் அதே வகை: வாழ்க்கைச் செலவோடு ஓய்வூதியம் உயர்த்தப்படும் என்ற விதி இருக்கும் வரை, சாதாரண முறி அந்தப் பகுதியை ஈடுசெய்யாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கி இன்னும் நீண்ட முறிகளைச் சேர்த்து இந்தப் பொருத்தத்தைக் கூட்டலாம் என்று எந்த ஆலோசகராவது வந்து சொன்னால் மறுத்துவிடுங்கள். பிரித்தானிய ஓய்வூதிய நிதியங்கள் பல அப்படிச் செய்திருந்தன. 2022 செப்டெம்பர் 23 இல் அறிவிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்துக்குப் பிறகு முறி வீதங்கள் திடீரென ஏற, கடன் கொடுத்தவர்கள் அவர்களிடம் கூடுதல் பிணை கேட்டார்கள். பிணைக்குப் பணம் திரட்ட முறிகளையே விற்றார்கள். விற்க விற்க விலை மேலும் விழுந்தது. செப்டெம்பர் 28 இல் இங்கிலாந்து வங்கியே முறிகளை வாங்க இறங்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய பொறுப்புகளும் குறைந்திருந்தன. ஆனால் அன்றைக்குக் கட்ட வேண்டிய காசு கையில் இல்லை.

கூட்டத்துக்கு முன் மூன்றைச் செய்யுங்கள். இன்றைய வீதத்தில் புதிய மதிப்பீடு ஒன்றைப் பெறுங்கள். வட்டி ஒரு சதவீதம் இறங்கினால் சொத்து எவ்வளவு மாறும், பொறுப்பு எவ்வளவு மாறும் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்க்குமாறு ஆக்சுவரியிடம் கேளுங்கள். ஆண்டுவாரியான கொடுப்பனவுப் பட்டியலை உறுப்பினர்கள் எல்லோருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புங்கள். அவை வந்து சேரும் வரை நிறுவனத்தின் பங்களிப்பு வழமைபோல் தொடரட்டும்.

மரியாதையுடன்,
நிதியத்தின் உறுப்பினர் ஒருவர்
திருகோணமலை