மகளிர் குழு லோனுக்கு எந்த நோட்டைப் பார்க்கணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மகளிர் குழுக்களுக்கு கடன் வழங்குற விழா போட்டோ வந்திருந்துச்சு, பெரிய அட்டை செக்கை பத்து பேர் சேர்ந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. கீழ எத்தனை குழு, எவ்வளவு தொகைன்னு போட்டிருந்தீங்க, சரி, ஆனா அந்தத் தொகையை பேங்க்ல எப்படி முடிவு பண்றாங்க, வாங்கின பிறகு யார் அதை எழுதி வைக்கிறாங்கங்கறது ஒரு வரி கூட இல்ல. நான் நத்தம் பக்கம் ஒரு குழுவுக்கு கணக்கு எழுதுறவ. பக்கத்துக் குழுக்காரங்களும் வந்து சந்தேகம் கேட்பாங்க, எல்லாரும் மாட்டிக்கிறது அதே இடத்துலதாங்கறதால இதை எழுதுறேன்.

எங்க குழுவுல 12 பேர், ஆளுக்கு மாசம் 200 ரூபா சேமிப்பு. முதல் நாலு மாசம் பணம் தகரப் பெட்டியிலதான் இருந்துச்சு, அக்கவுன்ட் அஞ்சாவது மாசம்தான் ஆரம்பிச்சோம். அதுக்குக் காரணம், கிளையில குழுவை பதிவு பண்ணின சர்டிபிகேட் கேட்டாங்க, பிறகு 12 பேரோட ஆதாரும் போட்டோவும் கேட்டாங்க. ரெண்டுமே தேவையில்லாத அலைச்சல். பதிவு பண்ணாத குழுவும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், தொடங்குறப்ப நிர்வாகிகளோட கேஒய்சி இருந்தாலே போதும்னு ரிசர்வ் வங்கி விதியே சொல்லுது, மத்தவங்க பேப்பரை லோன் சமயத்துல கேட்டுக்கலாம். நம்ம கையில இருக்க வேண்டியது தீர்மானம். குழுப் பேர் என்ன, எந்தக் கிளையில கணக்கு, ஊக்குநரும் ரெண்டு பிரதிநிதியும் யாரு, மூணுல எந்த ரெண்டு பேர் கையெழுத்து போட்டாலும் பணம் எடுக்கலாம், இவ்வளவும் தீர்மான நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு, அதோட நகலைக் கொடுக்கணும்.

ஒன்பது மாசம் ஆனதும் லோன் கேட்டுப் போனோம். மேனேஜர் பாஸ்புக்கைத் திருப்பிப் பார்த்துட்டு ரெண்டு விஷயம் சொன்னாரு. கணக்கு தொடங்கி இன்னும் ஆறு மாசம் ஆகலையேம்மா, அதோட மிச்சம் 5,800 ரூபாதான் இருக்கு, இதுக்கு எப்படி பெரிய லோன் தர்றது, வேணும்னா 35,000 பார்க்கலாம்னாரு. அந்த 35,000 எங்கிருந்து வந்துச்சுன்னா, 5,800-ஐ ஆறால பெருக்கினா 34,800, அவ்வளவுதான்.

ரெண்டுமே தப்பு. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துல வர்ற குழுக்களுக்கு ஆறு மாசங்கிறது குழுவோட கணக்கு நோட்டுப்படி ஆறு மாசம் ஒழுங்கா நடந்திருக்கணும்ங்கிறதுதான், பேங்க் கணக்கு தொடங்கின தேதியிலேர்ந்து எண்ணக் கூடாது, இது ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில தெளிவா இருக்கு. எங்க தீர்மான நோட்டுல முதல் கூட்டத்துலேர்ந்து தேதி, வந்தவங்க கையெழுத்து, அன்னிக்கு வசூல் எவ்வளவு, சேமிப்புப் பணத்துலேர்ந்து எந்த உறுப்பினருக்கு உள்கடன் கொடுத்தோம்னு எல்லாம் இருந்துச்சு, அதனால அந்த ஒன்பது மாசத்தையும் காட்ட முடிஞ்சுச்சு. நோட்டு எழுதாம வெறும் பணம் மட்டும் சேர்த்திருந்தா அந்த நாலு மாசம் நடக்கவே இல்லைங்கற கணக்குலதான் போயிருக்கும்.

அடுத்தது தொகை. முதல் தவணை லோன் குழுவோட மூலநிதியில ஆறு மடங்கு இல்லைன்னா ஒன்றரை லட்சம், ரெண்டுல எது அதிகமோ அது. மூலநிதின்னா பேங்க்ல இருக்கிற மிச்சம் இல்ல, இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. எங்க கணக்கையே சொல்றேன். 12 பேர், 200 ரூபா, ஒன்பது மாசம், சேமிப்பு 21,600. ஏழாவது மாசம் குழு சுத்தி விடுறதுக்காக இயக்கத்துலேர்ந்து வந்த சுழல்நிதி 15,000. உள்கடன்ல வந்த வட்டி, நோட்டு புத்தகச் செலவு போக 1,900. மொத்தம் 38,500. இந்தப் பணம் எங்க இருக்குன்னா, பேங்க்ல 5,800, பெட்டியில 1,200, மீதி 31,500 ஆளுங்க கையில உள்கடனா இருக்கு. கூட்டிப் பாருங்க, அதே 38,500 வரும். பணத்தை பேங்க்ல தூங்க விடாம உள்ளுக்குள்ள சுத்த விடுற குழுவுக்கு பாஸ்புக்ல மிச்சம் குறைவாத்தான் இருக்கும், அது நல்ல குழுங்கறதுக்கு அடையாளம், ஆனா பாஸ்புக்கை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஏழைக் குழுவாத் தெரியும். ஆறு மடங்குன்னா 2,31,000. கடன் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்துல விரிச்சு வெச்சு இந்தக் கூட்டலை ஒரே தாள்ல எழுதிக் காட்டினோம், 2,30,000 சாங்ஷன் ஆச்சு, 36 மாசம், வருஷத்துக்கு 7 சதவீத வட்டி, மாசத் தவணை சுமார் 7,100. அடமானமும் கேட்கக் கூடாது, லோனுக்காக சேமிப்புக் கணக்குப் பணத்தை நிறுத்தி வைக்கவும் கூடாது. கேட்டாங்கன்னா தைரியமா சொல்லலாம்.

லோன் பேப்பர்ல உறுப்பினர்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கும், அதுல எல்லாரும் கையெழுத்து போடணும். பணம் வாங்காத ஆளும் போடணும், ஏன்னா கடன் வாங்குறது குழு, பொறுப்பு எல்லாருக்கும் சேர்த்தும் தனித்தனியாவும் வரும். இதைப் படிச்சுச் சொல்லாம கையெழுத்து வாங்குறதுதான் பின்னாடி சண்டைக்கு ஆரம்பம். எங்க குழுவுல எட்டு பேருக்குத்தான் பணம் தேவைப்பட்டுச்சு, யாருக்கு எவ்வளவு எதுக்குன்னு தீர்மானத்துல எழுதித்தான் கொடுத்தோம். சில குழுவுல வம்பு வேண்டாம்னு 12 பங்கா சமமாப் பிரிச்சுடுறாங்க, தேவையில்லாதவ தன் பங்கை வேற ஒருத்திக்குக் கொடுத்துடுவா, நோட்டுல ஒரு பேர், கட்டுறது வேற ஆளு, அவ கட்டாம விட்டா யார்கிட்ட போய் கேட்கிறது?

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. கடன் பேரேட்டுல நிறைய குழுக்கள் "தவணை"ன்னு ஒரே கட்டம் போட்டு எழுதுறாங்க. அசல் ஒரு கட்டம், வட்டி ஒரு கட்டம், மிச்ச அசல் ஒரு கட்டம், மூணும் தனித்தனியா வேணும். எங்க குழுவுல ஒரு அக்கா மாடு வாங்க 50,000 எடுத்தாங்க, குழு வட்டி மாசம் ஒரு சதவீதம், மிச்ச அசலுக்கு மட்டும். மாசம் 2,000 கட்டுறாங்க. முதல் மாசம் அதுல 500 வட்டி, 1,500 அசல், மிச்சம் 48,500. ரெண்டாவது மாசம் வட்டி 485, அசல் 1,515. இப்படியே ஆறு மாசம் போனா மிச்சம் 40,772. ஆனா ஒரே கட்டத்துல எழுதியிருந்தா ஆறு தடவை 2,000, பன்னிரண்டாயிரம் கட்டிட்டேன், மிச்சம் 38,000-தானேன்னு கேட்பாங்க. வித்தியாசம் 2,772. அந்தப் பணத்தை யாரும் தின்னல, அது வட்டி, ஆனா நோட்டுல இல்லாததால "கணக்குக்காரி அடிச்சுட்டா"ன்னு தெருவுக்கே வந்துடும். எங்க அக்காவும் ஆறாவது மாசக் கூட்டத்துல கேட்கத்தான் செஞ்சாங்க. "ஏம்மா, நான் பன்னெண்டாயிரம் கட்டியிருக்கேன்ல?" நோட்டைத் திருப்பி வட்டிக் கட்டத்தை மேலேர்ந்து கீழ விரல் வெச்சுக் கூட்டிக் காட்டினேன், அவங்க மக வந்து போன்ல கூட்டிப் பார்த்தா, அதே 2,772 வந்துச்சு, அதோட சரி.

பேங்க் 7 சதவீதம், நாங்க உறுப்பினர்கிட்ட வாங்குறது 12. முதல் மாசம் பேங்க் வட்டி சுமார் 1,342, எங்களுக்கு வர்ற வட்டி 2,300, மிச்சம் கிட்டத்தட்ட 958 ரூபா குழுவோட வருமானம். இது ரொக்கப் புத்தகத்துல வரவா ஏறணும், ஏறினாத்தான் அடுத்த லோனுக்கு மூலநிதி கூடும். இதே மாதிரி தவணை தவறாம கட்டுற குழுவுக்கு அரசு வட்டி மானியம் கொடுத்தா, அது எப்பவாவது ஒரு நாள் கணக்குல வந்து விழும், பாஸ்புக் என்ட்ரி போடாத குழுவுக்கு அது வந்ததே தெரியாது. ஒருத்தி கட்டாததால குழு தவணை முப்பது நாளுக்கு மேல தள்ளிப் போச்சுன்னா அந்த மானியம் 12 பேருக்குமே போச்சு, அதனாலதான் கூட்டத்துல பாக்கிக்காரங்க பேரை சத்தமாப் படிக்கிறோம், கோவப்பட்டா படட்டும்.

கணக்குல ஏதோ சரியில்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டீங்கன்னா, நான் முதல்ல பார்க்கிறது ரொக்கப் புத்தகத்துல "கைவசம்" வரி. கூட்டம் முடிஞ்ச மறுநாள் வசூலை பேங்க்ல கட்டி சலானை ஒட்டிடணும். மாசாமாசம் கைவசம் ஏழாயிரம் எட்டாயிரம்னு ஏறிக்கிட்டே போகுதுன்னா பெட்டியைத் திறந்து எண்ணச் சொல்லுங்க, பெரும்பாலும் அங்க பணம் இருக்காது, நிர்வாகி யாராவது சொந்தச் செலவுக்கு எடுத்திருப்பாங்க. அடுத்தது உறுப்பினர்கிட்ட இருக்கிற குட்டி பாஸ்புக். 12 பாஸ்புக்லயும் இருக்கிற மிச்சக் கடனைக் கூட்டினா கடன் பேரேட்டு மொத்தத்தோட ஒத்துப் போகணும். பாஸ்புக் எல்லாத்தையும் ஊக்குநர் வீட்டுலயே அடுக்கி வெச்சிருந்தா அந்தச் சோதனையே கிடையாது, அதனால அவங்கவங்க பாஸ்புக் அவங்கவங்க வீட்டுல இருக்கட்டும். பணம் எடுக்கிற சீட்டுல முன்கூட்டியே கையெழுத்து போட்டு வைக்கிறது, தீர்மான நோட்டுல வெத்துப் பக்கத்துல கையெழுத்து வாங்கி வைக்கிறது, ரெண்டும் நம்ம பக்கம் சர்வசாதாரணம், பிரதிநிதியா இருக்கிறவங்க தயவுசெஞ்சு மாட்டேன்னு சொல்லுங்க. கணக்கு எழுதுறது அந்தந்தக் கூட்டத்துலயே, எல்லார் முன்னாடியும் நடக்கணும், வீட்டுக்குக் கொண்டு போய் ஞாபகத்துலேர்ந்து எழுதினா ஒரு மாசம் தாங்கும், ரெண்டாவது மாசம் தாங்காது.

கடைசியா ஒரு வேண்டுகோள். பேங்க்ல எங்க லோன் கணக்குக்கு மாசாமாசம் அசல் எவ்வளவு போச்சு வட்டி எவ்வளவு போச்சுன்னு பிரிச்சு பிரிண்ட் கேட்டா, சர்வர் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிடுறாங்க. அது இல்லாம எங்க நோட்டை பேங்க் கணக்கோட ஒப்பிட வழியே இல்ல. அடுத்த தடவை விழா செய்தி போடுறப்ப மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்கிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேட்டு அவர் சொல்ற பதிலையும் போடுங்க.

இப்படிக்கு,
மகளிர் குழு கணக்காளர் ஒருத்தி,
நத்தம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.