இரவில் மிஞ்சிய சோறு: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரத்தில் கணக்கு வகுப்பிலேயே வாந்தி எடுத்தான். காய்ச்சல் இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம்; மாலைக்குள் தெளிந்துவிட்டான். டப்பாவில் இருந்தது முட்டை சாதம். முட்டைதான் கெட்டிருக்கும் என்றார் அம்மா. என் சந்தேகம் சோற்றின் மேல்.

இரவு எட்டு மணிக்கு வடித்த சோறு, மூடிய குண்டானில் அடுப்பு மேடையிலேயே விடியும்வரை இருந்திருக்கிறது. காசிமேட்டுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டிய வீடு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் ஆவி பறக்க வறுத்துத்தான் கட்டியிருக்கிறார். ஆனால் அது போதாது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிக்கும் நீரிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நச்சைச் சோற்றிலேயே விட்டுவிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. வாடையும் வராது, நூலும் விடாது. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

ஆகவே கவனம் வேண்டியது இரவில்தான். சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சிய சோற்றை அகலத் தாம்பாளத்தில் விரல் தடிமனுக்குப் பரப்பி, ஃபேன் காற்றில் வையுங்கள். குண்டானோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுச்சோறு நெடுநேரம் சூடாகவே இருக்கும். சூடு தணிந்ததும் தட்டையான டப்பாவில் மூடி உள்ளே வைத்துவிடுங்கள். வடித்ததிலிருந்து இது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது. மறுநாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரவுக்கு மட்டும் அளந்து வடிப்பதே வழி.

பழைய சோற்றை நான் பழிக்கவில்லை, நானும் சாப்பிடுகிறவன்தான். நீரில் ஊறிப் புளிக்கும்போது அந்தப் புளிப்பே கிருமியை மட்டுப்படுத்தும். நீரில்லாமல் மூடிக் கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

குழம்புக்கும் இரவில் இதே கவனம் வேண்டும். நேற்றைய மீன் குழம்புக்குத்தான் ருசி என்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் மறுநாள் அதைச் சூடாக்கும்போது ஓரத்தில் நுரை வந்ததும் இறக்கிவிடாதீர்கள். அடிவரை கிளறி, நடுவிலும் தளதளவென்று கொதித்து ஆவி எழ வேண்டும். சோற்றையும் நீர் தெளித்து, மூடி, உள்ளே இருக்கும் பருக்கையும் சுடும்வரை சூடாக்குங்கள். ஒருமுறைதான், மீண்டும் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

காலையில் குண்டானைத் திறக்கும்போது இரவெல்லாம் வெளியிலேயே இருந்தது நினைவுக்கு வந்தால், டப்பா கட்ட வேண்டாம். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சத்துணவுக் கூடத்தில் சொல்லி அன்று பிள்ளைக்கு ஒரு தட்டு போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்