விற்பனைப் பிரதிநிதிகளுக்கான புதிய கமிஷன் முறை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் காலாண்டு முதல், சென்ற ஆண்டு இதே காலாண்டில் அந்தந்த பீட்டில் நடந்த சில்லறைக் கடை விற்பனை வரை 1 சதவீதமும், அதற்கு மேல் வளர்ந்த தொகைக்கு 4 சதவீதமும் கமிஷன் வழங்கப்படும். 10 லட்சம் விற்ற பீட்டில் 12 லட்சம் விற்றால், 10,000 ரூபாயும் 8,000 ரூபாயும் சேர்ந்து 18,000 ரூபாய் கிடைக்கும்.

மாதக் கடைசியில் மொத்த வியாபாரியிடம் தள்ளப்படும் சரக்கு, பக்கத்து பீட்டுக் கடைகளுக்குக் குறைந்த விலையில் போவதே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் என்பதால், மொத்தக் கடை பில்கள் வளர்ச்சிக் கணக்கில் சேரா. அவற்றுக்கு 1 சதவீதம் மட்டுமே உண்டு.

ஆர்டர் எடுத்தவர் யாராக இருந்தாலும், பீட் பட்டியலில் உள்ள கடை முகவரிப்படியே கமிஷன் சேரும். ஒரு கடை வேறு பீட்டுக்கு மாற்றப்பட்டால், அதன் சென்ற ஆண்டு விற்பனையும் கடையோடு சேர்ந்தே மாற்றப்படும்.